பொருளுடை இலக்கம்: கிணற்றுத் தண்ணீர்க் கணக்கில் எந்த இலக்கம் வரை நம்பலாம்?

மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், கொங்கிறீற்று வளையம் இறக்கிய கிணறு இல்லாத வளவு குறைவு. மாரி வெள்ளம் வடிந்ததும் அந்தக் கிணறுகளுக்குக் குளோரின் இட வேண்டும். எவ்வளவு இடுவது என்பதற்கு முதலில் கிணற்றில் எத்தனை லீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று தெரிய வேண்டும். இந்தச் சிறிய கணக்கை வைத்துக்கொண்டே பொருளுடை இலக்கம், மட்டந்தட்டல் என்ற இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம்.

வளையத்தின் உள்விட்டத்தை அளவுநாடாவால் அளந்தால் 1.22 மீற்றர். தண்ணீரின் ஆழத்துக்கு, கல் கட்டிய கயிற்றை அடிவரை இறக்கி, நனைந்த பகுதியை அளக்கிறோம். ஈரம் எங்கே முடிகிறது என்று கயிற்றில் துல்லியமாகச் சொல்ல முடியாது; ஆகவே 2.4 மீற்றர் என்று எழுதுகிறோம். ஆரை 0.61. குறுக்குவெட்டுப் பரப்பு πr². அதை ஆழத்தால் பெருக்கியதும் கல்குலேட்டர் 2.805567903 கன மீற்றர் என்று காட்டுகிறது. பலர் இதை அப்படியே 2805.568 லீற்றர் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மில்லிலீற்றர் வரை! நனைந்த கயிற்றைக் கொண்டு மில்லிலீற்றர் அளந்த கெட்டிக்காரர் எவரும் இல்லை.

2.4 என்று எழுதினால் உண்மையான ஆழம் 2.35க்கும் 2.45க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். அதேபோல விட்டம் 1.215க்கும் 1.225க்கும் இடையில். இரண்டிலும் சிறியவற்றை வைத்துக் கணக்கிட்டால் 2.72 கன மீற்றர் வருகிறது. பெரியவற்றை வைத்தால் 2.89. அதாவது முதல் 2 உறுதி. அடுத்த 8 ஏறத்தாழச் சரி. அதற்குப் பின்னால் வரும் 0, 5, 5, 6 எல்லாம் தண்ணீரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அளவைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லும் இலக்கமே பொருளுடை இலக்கம். உறுதியாகத் தெரிந்த இலக்கங்களும், ஐயத்துக்கு இடமான கடைசி ஓர் இலக்கமும் சேர்ந்ததே அதன் கணக்கு. பெருக்கலிலும் வகுத்தலிலும், தரவுகளுள் எதில் பொருளுடை இலக்கங்கள் மிகக் குறைவோ, விடையிலும் அத்தனையே. 1.22இல் மூன்று, 2.4இல் இரண்டு, விடை 2.8 கன மீற்றர். ஆரையைப் பெற விட்டத்தை வகுத்த 2 அளந்து பெற்றதல்ல, சரியான எண். அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் பெயரின் ஆங்கில மூலமான 'சிக்னிஃபிகன்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. 'சிக்னும்' என்றால் குறி, 'ஃபக்கெரே' என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்து 'ஒன்றைக் குறிப்பது' என்ற பொருளைத் தருகின்றன. பழைய எண்கணித நூல்களில் இந்தப் பெயர் 1 முதல் 9 வரையான ஒன்பது இலக்கங்களுக்கே உரியதாக இருந்தது. வெற்றிடம் என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்த 'சைபர்' அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றது. அளவீட்டின் நுட்பத்தைக் காட்டும் இன்றைய பொருள் பிறகே வந்தது. அந்தப் பழைய பிரிவினையின் வாடை இன்னும் போகவில்லை: இன்றும் மாணவரைக் குழப்புவது பூச்சியம்தான். 0.61இன் முன்னால் உள்ள பூச்சியத்துக்குப் பொருள் இல்லை. அது புள்ளியின் இடத்தைக் காட்ட நிற்கிறது. ஆனால் 2.40 என்று எழுதினால் கடைசிப் பூச்சியம் வெறும் அலங்காரம் அன்று. சென்ரிமீற்றர் வரை பார்த்து அளந்தேன் என்ற சாட்சியம் அது. கயிற்றுக்குப் பதில் அளவுக்கோலை இறக்கி உண்மையிலேயே 2.40 என்று வாசித்திருந்தால் விடை 2.81 கன மீற்றராகியிருக்கும். வாசிக்காமல் பூச்சியம் சேர்ப்பது பொய்ச் சாட்சி.

2.8 கன மீற்றரை லீற்றராக்கினால் 2800. இங்கே கடைசி இரண்டு பூச்சியங்களும் அளந்தவையா, இடம் நிரப்பவந்தவையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 2.8 × 10³ லீற்றர் என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றை 'முக்கிய எண்ணுருக்கள்' என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. முக்கியம் என்றதும் பெரிய இடத்தில் இருக்கும் இலக்கம் என்று மனம் நினைக்கிறது, 2.40இன் கடைசிப் பூச்சியத்தை யார் முக்கியம் என்பார்கள்? பொருளுடை இலக்கம் என்றால், இந்த இலக்கத்துக்குப் பொருள் உண்டா என்ற சரியான கேள்வி உடனே எழும்.

அடுத்த சொல்லில் நம்மவர்கள் வென்றுவிட்டார்கள். தேவைக்கு மிஞ்சிய இலக்கங்களை நீக்குவதை அங்கே 'முழுமைப்படுத்துதல்' என்பார்கள். கேட்பவர் விடை முழு எண்ணாக வரவேண்டும் என்று நினைக்கக்கூடும். இலங்கைப் பாடநூல்களில் அது 'மட்டந்தட்டல்'. நெல் அளக்கும்போது மரைக்காலின் விளிம்புக்கு மேல் குவிந்ததைத் தட்டி மட்டமாக்குவதுபோல. ஆனால் நெல்லில் குவிந்தது கீழே விழும், அவ்வளவுதான். எண்ணில் விடுபடும் முதல் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் முந்தைய இலக்கம் ஒன்று கூடும். சரியாக 5 மட்டும் விடுபடும்போது முந்தைய இலக்கத்தை இரட்டையாக்கும் வழக்கமும் சில பௌதிகவியல் நூல்களில் உண்டு. எதைப் பின்பற்றுகிறோமோ அதை இறுதிவரை பின்பற்றினால் போதும்.

எப்போது தட்டுவது என்பதுதான் உண்மையில் ஆளைக் கவிழ்க்கும் இடம். மேலே உள்ள கிணற்றையே எடுங்கள். விடையில் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்தானே என்று ஒருவர் ஆரை 0.61ஐ முதலிலேயே 0.6 ஆக்குகிறார். பரப்பு 1.13, கன அளவு 2.71, எழுதுவது 2.7. இன்னொருவர் ஆரையைத் தொடவில்லை, பரப்பு 1.1689866ஐ 1.2 ஆக்கிவிட்டு 2.4ஆல் பெருக்குகிறார். 2.88, எழுதுவது 2.9. ஒரே கிணறு, ஒரே கயிறு, ஒரே நாடா. 2.7உம் 2.9உம் மேலே நாம் கண்ட 2.72 – 2.89 எல்லைக்கு வெளியே போய்விட்டன. ஆரை வர்க்கமாவதால் அதில் நேரும் பிழை விடையில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பரப்பை மட்டந்தட்டிய பிழையோ ஆழத்தோடு பெருகி வருகிறது. இடைப்படிகளில் கல்குலேட்டரில் உள்ளதை அப்படியே வைத்திருந்து, இறுதி விடையில் ஒரே தடவை தட்ட வேண்டும். தாளில் செய்பவர் இடையில் குறைந்தது ஓரிரண்டு இலக்கங்களைக் கூடுதலாகச் சுமந்து வரட்டும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே கிணற்றில் அதே கயிறு 0.8 மீற்றர் காட்டலாம். இப்போது பொருளுடை இலக்கம் ஒன்றே. கல்குலேட்டர் 0.935 என்றாலும் எழுதக்கூடியது 0.9 கன மீற்றர். நாடாவால் விட்டத்தை மில்லிமீற்றர் வரை அளந்தாலும் இது மாறாது. குறை கயிற்றில் இருக்கிறது. விடையைத் திருத்த விரும்புபவர் ஆழத்தை அளக்கும் விதத்தைத் திருத்த வேண்டும்.

இந்த விதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வளையம் 0.98 மீற்றர், இன்னொன்று 1.02 மீற்றர் என்று வையுங்கள். இரண்டையும் ஒரே நாடாவால், ஒரே சென்ரிமீற்றர் நுட்பத்தோடு அளந்திருக்கிறோம். இரண்டிலும் வழு ஏறத்தாழ அரை வீதம்தான். ஆனால் விதி முதலாவதற்கு இரண்டு இலக்கமும் இரண்டாவதற்கு மூன்றும் தருகிறது. இலக்கத்தை எண்ணுவது ஒரு விரைவு வழி, அவ்வளவே. காசு கைமாறும் அளவு என்றால், மேலே செய்ததுபோல மிகச் சிறிய அளவுகளை வைத்து ஒரு தடவை, மிகப் பெரியவற்றை வைத்து ஒரு தடவை கணக்கிட்டு, இரண்டு விடையையும் எழுதிக் கொடுங்கள்.