காலையில் மாத்திரை, மத்தியானம் காய்ச்சல்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடல்நலப் பாடம் எடுக்கிறேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். "கையைக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் வீட்டில் இருங்கள்" என்று வருஷக்கணக்காக ஒப்பித்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு வரிசையாக வகுப்புக்குப் போய்விடுவார்கள். போன பருவத் தேர்வு சமயத்தில் நடந்த ஒன்றுக்கு அப்புறம்தான் பேச்சை மாற்றினேன்.

ஆறாம் வகுப்புப் பையன். ராத்திரி முழுக்கக் காய்ச்சல். காலை ஏழரைக்கு அவன் அப்பத்தா பாராசிட்டமால் கொடுத்து, வேர்த்து உடம்பு ஆறியதும், பரீட்சையாச்சே என்று கையோடு கூட்டிவந்து விட்டுப் போனார். முதல் மூன்று பீரியடும் தெம்பாகத்தான் இருந்தான். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது டெஸ்க்கில் கவிழ்ந்து கிடந்தான், தெர்மாமீட்டர் 102 காட்டியது. அந்த மாத்திரை நாலு முதல் ஆறு மணி நேரம் சூட்டைக் குறைக்கும், அவ்வளவுதான், கிருமியை அது தொடுவதே இல்லை. அதனால் தெம்பாக இருந்த அந்த மூன்று பீரியடிலும் அவன் இருமியிருக்கிறான், மூக்கைத் துடைத்த கையால் ஸ்கேல் கொடுத்து வாங்கியிருக்கிறான், ஒரே பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதே பெஞ்சில் இரண்டு பேர் வரவில்லை. அவனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவக்கூடியது. அப்பத்தாவையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது நாங்கள்தானே.

அடுத்த திங்கள் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் மஞ்சள் தூளும் குழைத்து எடுத்துப் போனேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அழைத்து இரண்டு கையிலும் பூசி, வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னேன். மஞ்சள் அப்படியே இருந்தது. சோப்புப் போட்டு, வழக்கமாகக் கழுவுவது போலக் கழுவு என்றேன். உள்ளங்கை வெளுத்தது. கட்டை விரலின் பின்பக்கம், விரல் இடுக்கு, நகக்கண் மூன்றிலும் மஞ்சள் நின்றது. எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கிக் காட்டினாள். அப்போது பேசியது இதுதான்:

"பிள்ளைகளா, மஞ்சள் நிற்கிற இடத்தில்தான் கிருமியும் நிற்கும். உயிரெழுத்து பன்னிரண்டையும் நிதானமாக இரண்டு தடவை சொல்லுங்கள், 20 விநாடி ஆகிவிடும். அதுவரை கட்டை விரலைத் திருகித் தேயுங்கள், நகத்தை உள்ளங்கையில் சுரண்டுங்கள், அப்புறம் ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் கட்டாயம். மூக்குச் சிந்தினாலும் கழுவுங்கள். ஆனால் இருமல் காற்றில் போகிறது, அதைக் கை கழுவித் தடுக்க முடியாது. அதனால் காய்ச்சல் என்றால் வீட்டில் இருங்கள். மாத்திரை போடாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால் வாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து இரண்டு நாள். விட்டுப்போன பாடத்தை நான் வாங்கித் தருகிறேன்."

வாந்தி, வயிற்றுப்போக்குக்கு ஏன் இரண்டு நாள் என்று ஒரு ஆசிரியர் கேட்டார். நோரோ வைரஸ் மாதிரியானவை பிள்ளை தேறிய பிறகும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும், கொஞ்சம் பட்டாலே போதும், ஒட்டிக்கொள்ளும். பையில் வைத்திருக்கும் சானிடைசரும் அதற்குச் சரியாகக் கேட்காது. ஃப்ளூ வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதை உடைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, தேய்த்து அலசித் தண்ணீரோடு அனுப்பினால்தான் போகும். எங்கள் பக்கம் சில இடங்களில் போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அங்கே இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுங்கள், தேய்க்கிற நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

அம்மை கதை வேறு. மூணாந் தண்ணி ஊத்தியாச்சு சார் என்று கூட்டிவருவார்கள். வேப்பிலையும் தண்ணீரும் அவரவர் வழக்கம், அதில் நான் தலையிடுவதில்லை, சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். நீர் கோத்த கொப்புளம் ஒன்று இருந்தாலும் இன்னும் தொற்றும். எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தால் வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் அதற்கு ஒரு வாரம் பிடிக்கும்.

கூட்டம் கலையும்போது மூன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று வந்து கேட்டது: "சார், எங்க ஆயாவுக்குக் காய்ச்சல். நான் வரலாமா?" உனக்கு ஒன்றும் இல்லாதவரை வரலாம், ஆயாவின் டம்ளரில் குடிக்காதே, தொண்டை கரகரத்தாலோ உடம்பு சுட்டாலோ அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள் என்றேன். "அப்ப பரிசு?" என்றாள். அந்தப் பரிசை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.