8.40-ஆ, 8.60-ஆ? மாத வட்டி எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள்

ஹட்டனில் கணக்காளராக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கடை, லொறி, மரக்கறி வியாபாரம் என்று கணக்கு எழுத வருகிறவர்கள். மிச்சப் பேர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வருவார்கள். அதில் இரண்டு வட்டி வீதங்கள் எழுதியிருக்கும். "தம்பி, இதுல எது நல்லது?"

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயாவும் அப்படித்தான் வந்தார். முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சேமலாப நிதிப் பணமும் கொஞ்சச் சேமிப்புமாகக் கையில் 12 இலட்சம் ரூபாய். இரண்டு இடங்களில் விசாரித்திருந்தார். இரண்டுமே ஒரு வருட நிலையான வைப்பு. முதல் இடத்தில் வருடத்துக்கு 8.40 வீதம், வட்டி மாதா மாதம். இரண்டாவது இடத்தில் 8.60 வீதம், வட்டி முழுவதும் வருடக் கடைசியில். பெரிய எண் 8.60 என்பதால் அதில் போடத்தான் மனசு என்றார். ஆனால் முதல் இடத்தில் இருந்த பிள்ளை, "எங்களுடையது உண்மையில் 8.73 ஐயா" என்று சொல்லி அனுப்பியதாம். 8.40 எப்படி 8.73 ஆகும், பொய் சொல்கிறார்களா என்பதுதான் அவர் கேள்வி.

பொய் இல்லை. ஆனால் அந்த 8.73 அவர் கைக்கு வருமா என்பது வேறு விசயம்.

முதலில் 8.73 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வருடத்துக்கு 8.40 என்று சொல்லி மாதா மாதம் வட்டி கணக்கிட்டால், ஒரு மாதத்துக்கு 8.40-ஐப் பன்னிரண்டால் வகுத்த 0.70 வீதம். 12 இலட்சத்துக்கு முதல் மாத வட்டி 8,400 ரூபாய். அந்த வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்துவிட்டால், இரண்டாம் மாதம் வட்டி 12,08,400 ரூபாய்க்குக் கணக்காகும். அது 8,458 ரூபாய் 80 சதம். மூன்றாம் மாதம் 8,518 ரூபாய். இப்படி மாதத்துக்கு அறுபது ரூபாய் அளவில் ஏறி, பன்னிரண்டாம் மாத வட்டி ஏறக்குறைய 9,070 ரூபாயில் வந்து நிற்கும். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 1,04,773 ரூபாய். 12 இலட்சத்துக்கு அது 8.73 வீதம்.

சொல்லப்படும் 8.40 பெயரளவு வீதம். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடக் கடைசியில் உண்மையில் நிற்பது பயனுறு வீதம். வங்கிப் பலகையில் ஏ.ஈ.ஆர். என்று தனியாக ஒரு பத்தி இருந்தால் அது இதுதான். கணக்கு ஒரே வரி:

```
(1 + 0.084/12)^12 - 1 = 0.0873
```

கணினியில் எக்செல் இருந்தால் இன்னும் சுலபம்:

```
=EFFECT(0.084,12)
```

இரண்டும் இல்லாதவர்களுக்குக் கையில் இருக்கும் போனே போதும். 1.007 × 1.007 அடித்து = அழுத்துங்கள், அப்புறம் = பொத்தானையே இன்னும் பத்து முறை அழுத்துங்கள். பல போன்களில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னொரு 1.007 பெருக்கப்படும். கடைசியில் 1.0873 வரும். முன்னால் இருக்கும் ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்தால் 8.73 வீதம். ஐயாவின் போனிலேயே அழுத்திக் காட்டினேன். இரண்டாம் தடவை அவரே அழுத்திப் பார்த்தார். வங்கி நாட்களை எண்ணித்தான் வட்டி போடும், அதனால் 31 நாள் மாதத்துக்கும் பெப்ரவரிக்கும் தொகை கொஞ்சம் வித்தியாசப்படும். ஒப்பிடுவதற்கு அது பொருட்டில்லை.

இரண்டாவது இடத்தின் 8.60-க்கு இந்த வேலையே வேண்டாம். வருடத்தில் ஒரே ஒரு முறை வட்டி சேர்வதால் பெயரளவும் பயனுறுவும் ஒன்றுதான். வருடக் கடைசியில் 1,03,200 ரூபாய். ஆக 8.73-க்கும் 8.60-க்கும் போட்டி, மாத வட்டிக்காரர் 1,573 ரூபாயால் முன்னுக்கு நிற்கிறார். இந்த 8.60-ஐத் தொட மாத வட்டி வைப்புக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்றும் பார்க்கலாம். மாதம் 0.69, அதாவது வருடத்துக்கு 8.28. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் மாத வட்டிதான் கூட.

பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். நான் ஐயாவிடம் கேட்டது இன்னொரு கேள்வி. "மாதா மாதம் வருகிற அந்த 8,400 ரூபாய் எங்கே போய் விழும் ஐயா?"

அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டோம். மாத வட்டி வைப்போடு சேராது, அவருடைய சேமிப்புக் கணக்குக்குப் போகும் என்றார்கள். இதுதான் வழக்கமான நடைமுறையும் கூட. ஆனால் 8.73 என்ற எண், ஒவ்வொரு மாத வட்டியும் அதே 8.40 வீதத்தில் திரும்பவும் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. சேமிப்புப் புத்தகத்தில் அப்படி நடக்காது. அவருடைய புத்தகத்துக்குக் கிடைப்பது 3 வீதம். முதல் மாதத்து 8,400 ரூபாய் மிச்சப் பதினொரு மாதமும் 3 வீதத்தில் தூங்கும், இரண்டாம் மாதத்து 8,400 பத்து மாதம் தூங்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வருடக் கடைசியில் 1,02,198 ரூபாய். வீதமாகச் சொன்னால் 8.52. இப்போது 8.60 முன்னுக்கு வந்துவிட்டது!

அந்தப் பணத்தை மாதா மாதம் எடுத்துச் செலவழித்தால் வட்டிக்கு வட்டி என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு 8,400, மொத்தம் 1,00,800 ரூபாய். ஒரே வைப்பு, ஒரே 8.40, ஆனால் வட்டி எங்கே போகிறது என்பதை வைத்து 8.73, 8.52, 8.40 என்று மூன்று விடைகள். கவுன்டரில் இருந்த பிள்ளை சொன்ன எண் சரியானது. ஐயாவுக்கு நடக்கப்போவது வேறு, அவ்வளவுதான்.

அதனால் ஏ.ஈ.ஆர். எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: மாத வட்டி முதலோடு சேருமா, சேமிப்புக் கணக்குக்குப் போகுமா? சேரும் என்றால் ஏ.ஈ.ஆர். எண்ணை அப்படியே நம்பலாம். போகும் என்றால் அது உங்களுக்கான எண் இல்லை. வைப்புச் சான்றிதழில் இது எழுதப்பட்டிருக்கும், கையில் வாங்கும்போதே படித்துப் பாருங்கள்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் முன்கூட்டியே பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிப்பதால் ஒப்பீடு மாறாது. ஆனால் ஓர் இடத்து எண்ணை வரி பிடித்த பிறகும் மற்றதை வரிக்கு முன்னும் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

சரி, ஐயா என்ன செய்தார்? வீட்டம்மாவுக்குச் சீனி வியாதி, மாதம் மூவாயிரத்துச் சொச்சம் மருந்துக்கே போகிறது. மிச்சச் செலவை மகன் பார்த்துக்கொள்கிறார். அப்படியானால் பணம் முழுவதும் வருடக் கடைசி வரை பூட்டிக்கிடப்பது அவருக்குச் சரிவராது. 0.20 வீதம் கூட வருகிறது என்று 8.60-இல் போட்டுவிட்டு, மருந்துக்காக நடுவில் வைப்பை உடைத்தால் வட்டி வீதத்தைக் குறைத்துத்தான் தருவார்கள். கடையில் கடன் வைத்தால் அதற்கும் மேல். அதனால் 5 இலட்சத்தை மாத வட்டி வைப்பில் போட்டார், மாதம் 3,500 ரூபாய் வரும், மருந்துக்குச் சரி. 7 இலட்சத்தை 8.60-இல் போட்டார், வருடக் கடைசியில் 60,200 ரூபாய். இப்படிப் பிரித்ததில் இன்னொரு நல்லதும் இருக்கிறது. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 12 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போட்டிருந்தால் ஒரு இலட்சம் அந்தக் காப்புறுதிக்கு வெளியே நின்றிருக்கும்.

அடுத்த வாரம் அவருடைய மகன் வந்தார். ஆட்டோ திருத்த ஒரு இலட்சம் கடன் எடுக்கப் போகிறாராம். இரண்டு இடத்திலும் 24 வீதம்தான், பன்னிரண்டு மாதத் தவணை. "24-ஐ அப்பா சொன்ன மாதிரி போட்டுப் பார்த்தேன் அண்ணா, 26.82 வருது. ரெண்டும் ஒண்ணுதானே?"

கணக்கு சரி. ஆனால் அந்தச் சூத்திரம் குறைந்துவரும் இருப்புக்கு வட்டி போடும் கடனுக்கு மட்டும்தான் பொருந்தும். தவணை எவ்வளவு சொன்னார்கள் என்று கேட்டேன். ஓர் இடத்தில் 9,456 ரூபாய், மற்ற இடத்தில் 10,333 ரூபாய். இரண்டாவது பிளாட் ரேட். ஒரு இலட்சத்துக்கு 24,000 ரூபாய் வட்டியை முதலிலேயே போட்டுக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்துவிட்டார்கள். மாதா மாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு ஒரு இலட்சத்துக்கே ஓடுகிறது. அந்தத் தவணையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உண்மையான மாத வட்டி ஏறக்குறைய 3.475 வீதம். வருடத்துக்குப் பெயரளவில் 41.7. அதைத்தான் சூத்திரத்தில் போட வேண்டும், போட்டால் பயனுறு வீதம் 50-ஐத் தாண்டுகிறது. பிளாட் 24-ஐ நேரே சூத்திரத்தில் போட்டால் வருகிற 26.82-க்கு அர்த்தமே இல்லை.

அதை அறிய சூத்திரம்கூட வேண்டியதில்லை, தவணை அட்டவணை போதும். கேட்டு வாங்கி வரச் சொன்னேன். 9,456 ரூபாய்த் தாளில் வட்டிப் பத்தி முதல் மாதம் 2,000 ரூபாயில் தொடங்கி, மாதா மாதம் இறங்கி, கடைசி மாதம் 185 ரூபாயில் முடிந்தது. மற்றத் தாளில் முதல் மாதமும் 2,000, பன்னிரண்டாம் மாதமும் 2,000. அந்த இரண்டு எண்களையும் பேனையால் வட்டமிட்டு அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது தாளை மடித்துப் பைக்குள் வைத்தார், 9,456 சொன்ன இடத்துக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.