காலமானவருக்கு உடல்நலம் வேண்டாதீர்கள்

இந்த மாதத்தில் என்னிடம் சரிபார்க்க வந்த பாரசீக வாழ்த்துரைகளில் இது மூன்றாவது. லண்டனில் ஓர் ஈரானியக் குடும்பம். பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள் விருந்து. பேத்தியின் கணவர் ஆங்கிலக்காரர். தன் வாழ்த்துரையைத் தானே பாரசீகத்தில் ஆக்கி, விருந்துக்கு நாலு மணி நேரம் இருக்கும்போது சரிபார்க்க அனுப்பினார்.

கோப்பையை உயர்த்தி "இவருக்காக" என்று ஆங்கிலத்தில் வரும் இடத்திலெல்லாம் 'பெ சலாமத்தியெ' என்று போட்டிருந்தார். பாட்டிக்கும் அதுதான், சமைத்த அத்தைக்கும் அதுதான், போன வருடம் காலமான தாத்தாவுக்கும் அதுதான்.

'பெ சலாமத்தி' என்றால் 'சியர்ஸ்' என்றுதான் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். சலாமத் என்றால் உடல்நலம், சுகம். அந்தத் தொடர் 'நலத்துக்காக' என்றே சொல்கிறது, கேட்பவர் காதிலும் அப்படித்தான் விழும். தாத்தாவின் பெயரோடு அதைச் சேர்த்தால், கணவரை இழந்த பாட்டியின் எதிரில், இறந்தவர் சுகமாக இருக்கட்டும் என்று சொன்னதாகிவிடும். இறந்தவருக்கு 'பெ யாதெ', அதாவது 'நினைவாக'. கூடவே 'ஜாஷூன் காலி': அவர் இடம் காலியாக இருக்கிறது. நம் 'காலி'யும் இதே சொல்தான். 'ரூஹெஷூன் ஷாத்', அவர் ஆன்மா மகிழட்டும், என்று முடித்தால் போதும்.

பாட்டிக்கு அவர் எழுதியது, "அடுத்த வருடமும் நாம் எல்லோரும் இங்கே இருக்கும் பாக்கியம் கிடைக்கட்டும்." ஆங்கிலத்தில் இதமாக இருக்கலாம். எண்பது வயதுக்காரரிடம் அப்படியே சொன்னால், அடுத்த வருடம் இருப்பாரோ என்ற கேள்வி உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'சாயெத்தூன் அஸ் சரெ மா கம் நஷெ' என்று எழுதினேன். உங்கள் நிழல் எங்கள் தலைமேலிருந்து குறையாதிருக்கட்டும் என்று பொருள். இது பெரியவர்களுக்கான வாழ்த்து. இளையவரிடம் சொன்னால் பொருந்தாது. சமைத்த அத்தைக்கு 'தஸ்தெத்தூன் தர்த் நகொனெ', உங்கள் கை வலிக்காதிருக்கட்டும். அவர் 'நூஷெ ஜான்', உயிருக்கு இனிதாகட்டும், என்று பதில் சொல்வார். அதற்கு ஒரு நொடி நிறுத்துங்கள்.

மேலே எல்லாம் '-தூன்', '-ஷூன்' என்று பேச்சு வடிவில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எழுத்து வடிவில் அது '-தான்', '-ஷான்'. அதைக் குடும்பத்தார் முன் வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். பேச்சு வழக்கு என்பதற்காக ஒருமைக்கும் இறங்கிவிடாதீர்கள். பாட்டிக்கு எப்போதும் 'ஷொமா', அதாவது 'நீங்கள்'தான்.

வரிசை முக்கியம்: முதலில் பெரியவர். மார்க்கம் பேணும் வீடென்றால் கோப்பையில் சர்பத்தோ தேநீரோதான் இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒயினைப் பற்றிய வரி வேண்டவே வேண்டாம். அப்புறம், ஒரு நாளாவது முன்னால் அனுப்புங்கள். உச்சரிப்பைப் பழக நேரம் வேண்டாமா?

அன்று தொலைபேசியில் ஆறு முறை சொல்லிப் பழகினோம். கடைசி வரியாக 'ஸதொ பீஸ்த் சாலெ பெஷீன்' என்பதைச் சேர்த்தேன்: நூற்றிருபது வயது வாழ்க. அடுத்த வருடத்துக்குப் பதிலாக நாற்பது வருடம்.