பெரிய பட்டை மேலே போகட்டும், வயது மட்டும் நின்ற இடத்தில் நிற்கட்டும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாநிலப் பட்டியலைத் திறந்தால் முதலில் வருவது ஜம்மு காஷ்மீர், அடுத்து இமாச்சலப் பிரதேசம், பிறகு பஞ்சாப். வடக்கில் தொடங்கி கிழக்கு, நடு இந்தியா என்று இறங்கி, தமிழ்நாட்டுக்கு வரும்போது 33-ஆம் எண் ஆகிவிடுகிறது. அரசு கொடுத்த குறியீட்டு எண்களின் வரிசை அது. மாநிலத்தைத் தேடி எடுக்க வசதியான ஏற்பாடு. ஆனால் அந்த வரிசையிலேயே பட்டை வரைபடம் போட்டால், உயரமும் குட்டையும் கலந்து நிற்கும் ஒரு முள்வேலிதான் கிடைக்கும்.

அந்த வேலியில் மத்தியப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதின் மக்கள்தொகை 7.26 கோடி, இரண்டாவதின் மக்கள்தொகை 7.21 கோடி. இரண்டுக்கும் நடுவே ஒன்பது பட்டைகள் நிற்கின்றன. அவற்றில் லட்சத்தீவு போலக் கண்ணுக்கே தெரியாததும் உண்டு, 11.24 கோடி பேருள்ள மகாராஷ்டிரமும் உண்டு. ஒரு பட்டையின் நுனியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது பட்டைகளைத் தாண்டி இன்னொரு நுனிக்குப் போவதற்குள் அந்த மெல்லிய வித்தியாசம் நழுவிவிடும்.

1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் நுனிகள் எங்கே முடிகின்றன என்று பார்த்து ஒப்பிடுவதில்தான் மனிதக் கண் மிகக் குறைவாகப் பிழை செய்கிறது என்று கண்டார்கள். வட்டப்படத்தின் கோணத்தை மதிப்பிடுவதில் பிழை அதைவிட அதிகம். அதே சோதனையில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பட்டைகளை ஒப்பிட்டபோது விடை இன்னும் துல்லியமாக இருந்தது, தள்ளி நின்றபோது பிழை கூடியது.

பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் நடப்பது இதுதான்: ஏறக்குறைய சமமான பட்டைகள் தாமாகவே அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. மத்தியப் பிரதேசமும் தமிழ்நாடும் 6, 7-ஆம் இடங்களில் ஒட்டி நிற்கும். கர்நாடகமும் (6.11 கோடி) குஜராத்தும் (6.04 கோடி) அப்படியே. நுணுக்கமாக ஒப்பிட வேண்டிய ஜோடிகள் அருகருகே வந்துவிடுகின்றன. தள்ளி நிற்பவற்றின் வித்தியாசமோ எப்படியும் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. அடுக்கிய பிறகு படிகளின் உயரம் செய்தி சொல்லத் தொடங்குகிறது. உத்தரப் பிரதேசத்திலிருந்து (19.98 கோடி) மகாராஷ்டிரத்துக்கு ஒரே பாய்ச்சலாக இறக்கம். அதன்பின் சிறுசிறு படிகள். குஜராத்துக்கும் அடுத்த ஒடிசாவுக்கும் (4.20 கோடி) நடுவே மீண்டும் ஒரு பள்ளம். முள்வேலியில் இந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெயர்கள் நீளமாக இருப்பதால் பட்டைகளைப் படுக்கையாகப் போடுவது நல்லது. தலையைச் சாய்க்காமல் படிக்கலாம்.

இதே கணக்கெடுப்பில் வயது அட்டவணையும் இருக்கிறது. 0–4 வயதில் 11.28 கோடி, 5–9-இல் 12.69 கோடி, 10–14-இல் 13.27 கோடி, 15–19-இல் 12.05 கோடி, 20–24-இல் 11.14 கோடி. அதன்பின் வயது ஏற ஏற எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. மாநிலங்களுக்குச் செய்ததை இங்கேயும் செய்து பாருங்கள். 10–14, 5–9, 15–19, 0–4, 20–24 என்று வரிசை அமையும். பார்க்க அழகான படிக்கட்டு. மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு, இளையோர் அதிகம், முதியோர் குறைவு என்ற செய்திகூட ஓரளவு சரியாகவே போய்ச் சேரும். அதனால்தான் இது ஆபத்து என்கிறேன். படம் கெட்டுப்போனதாகத் தோன்றவே தோன்றாது.

தொலைந்துபோன செய்தி என்ன? வயது வரிசையில் விட்டிருந்தால் படத்தின் தொடக்கத்தில் ஒரு ஏற்றம் தெரிந்திருக்கும். 10–14-இல் உச்சம், அதைவிட இளையவர்கள் குறைவு, அவர்களைவிடவும் இளைய குழந்தைகள் இன்னும் குறைவு. கடைக்குட்டிகளின் கூட்டம் அடுத்த அண்ணன், அக்காக்களின் கூட்டத்தைவிட 1.4 கோடி குறைவு. சிறு குழந்தைகள் கணக்கெடுப்பில் விடுபடுவது பல நாடுகளிலும் நடப்பதுதான், அதற்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனாலும் பிறப்பு விகிதம் சரிந்து, மக்கள்தொகைப் பிரமிடின் அடி சுருங்கத் தொடங்கிவிட்டதை அட்டவணை காட்டுகிறது. நாட்டின் பள்ளிக்கூடங்கள் முதல் ஓய்வூதியம்வரை பாதிக்கப்போகும் அந்தச் சுருக்கம், அளவுப்படி அடுக்கிய படத்தில் நான்காவது பட்டையாக 15–19-க்கும் 20–24-க்கும் நடுவே ஒளிந்துகொள்கிறது.

மாநிலங்களுக்கு உள்ளார்ந்த முன்பின் கிடையாது. குஜராத்துக்கு ‘அடுத்தது’ எது என்று கேட்டால் பதில் இல்லை. 5–9-க்கு அடுத்தது 10–14 என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்துப் பட்டைக்குப் போகும்போது ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற கேள்விக்குப் பொருள் இருக்குமானால் அந்த வரிசையே தரவின் ஒரு பகுதி. வருமானப் பிரிவு, கல்வி நிலை, ‘மிகவும் ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான கருத்துக்கணிப்பு விடைகள் எல்லாம் இந்த வகைதான்.

தேதி இந்த வகையில் தலையாயது. அதையே பிசகிய படம் ஒன்று உண்டு. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா தொற்று அதிகமிருந்த ஐந்து மாவட்டங்களின், அதாவது கவுண்டிகளின், அன்றாட எண்ணிக்கையைப் பட்டை வரைபடமாக வெளியிட்டது. இடமிருந்து வலமாக அருமையான இறக்கம். கீழே எழுதியிருந்த தேதிகளைப் படித்தவர்கள்தான் திடுக்கிட்டார்கள். ஏப்ரல் 28-க்குப் பிறகு ஏப்ரல் 27, மே 7-க்குப் பிறகு ஏப்ரல் 26, அதற்குப் பிறகு மே 3. நாட்களை எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஐந்து கவுண்டிகளின் வரிசை மாறிக்கொண்டே இருந்தது. கண்டனம் எழுந்ததும் தேதி வரிசைக்கு மாற்றினார்கள். எந்தத் தொடரையும் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கினால் இறங்கத்தானே செய்யும்!

கணினியை நம்பி விட்டாலும் வயது வரிசை தப்பும். வயதுப் பிரிவுகள் எழுத்துகளாகப் பதிவாகியிருந்தால், மென்பொருள் அவற்றை எண்ணாகப் படிக்காது. 0-4-க்கு அடுத்து 10-14 வரும், 5-9 எங்கோ 50-54-க்கு முன்னால் போய் உட்காரும். படத்தின் நடுவில் திடீரென்று ஒரு பட்டை மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பைத்தானில் வரிசையை நாமே சொல்லிவிடலாம்:

```python
import pandas as pd
order = ["0-4", "5-9", "10-14", "15-19", "20-24", "25-29",
         "30-34", "35-39", "40-44", "45-49", "50-54", "55-59",
         "60-64", "65-69", "70-74", "75-79", "80+", "Age not stated"]
df["age"] = pd.Categorical(df["age"], categories=order, ordered=True)
df = df.sort_values("age")
```

வயது சொல்லாதவர்கள் என்று 2011 அட்டவணையில் சுமார் 45 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு, வெளிறிய நிறத்தில் போடுவேன். மாநிலப் படத்தில் ‘மற்றவை’ என்று ஒரு பட்டை வந்தாலும் அப்படித்தான். அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலிடத்துக்குப் போகக்கூடாது.

மாநிலமும் வயதும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் இரண்டு விதியும் சேர்ந்தே வேலை செய்யும். ஒவ்வொரு மாநிலப் பட்டையையும் நூறு விழுக்காடாகக் கொண்டு வயதுத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளை வயது வரிசையிலேயே விடுங்கள். மாநிலங்களை மட்டும் அடுக்குங்கள். எதை வைத்து அடுக்குவது? அடிக்கோட்டைத் தொடும் துண்டை வைத்து. நடுவில் மிதக்கும் துண்டுகளை அடுக்கினாலும் கண்ணால் ஒப்பிட முடியாது. முதியோர் பற்றிய படமானால் 60 வயதுக்கு மேற்பட்டோரின் துண்டை அடிக்கோட்டில் வைத்து, வயதை அங்கிருந்து இறங்குமுகமாகக் கொண்டுபோகலாம். வரிசை தலைகீழானாலும் உடைவதில்லை. 2011 கணக்கில் கேரளம் 12.6 விழுக்காட்டோடு முதலில் வரும், அடுத்து கோவா 11.2, அதன்பின் 10.4 விழுக்காட்டோடு தமிழ்நாடு, மயிரிழையில் பின்னால் 10.3-இல் பஞ்சாப்.