கல்லீரலில் நீர்க்கட்டி: ஊசியால் குத்தி எடுத்துவிட்டால் என்ன?

உறவினர் ஒருவருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் 10 சென்டிமீட்டர் நீர்க்கட்டி தெரிந்ததாம். ‘ஹைடாடிட் கட்டி’ என்று சொன்ன மருத்துவர் உடனே கத்தியை எடுக்கவில்லை. மாத்திரை கொடுத்து, சில வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். “உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தானே, ஊசியால் உறிஞ்சிவிட்டால் முடிந்தது, ஏன் இழுத்தடிக்கிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அதில் என்ன மிதக்கிறது என்று தெரிந்துவிட்டால், மருத்துவரின் நிதானத்துக்குக் காரணம் புரிந்துவிடும்.

இந்தக் கட்டியை உண்டாக்கும் எக்கைனோகாக்கஸ் கிரானுலோசஸ் ஒரு நாடாப்புழு. நாடா என்றதும் மீட்டர் கணக்கில் நீளத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அரிசி மணியைவிடச் சிறியது, 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் வாலாட்டிக்கொண்டு நலமாகவே இருக்கும். புழுவின் கடைசிக் கணுவில் நூற்றுக்கணக்கான முட்டைகள். அவை மலத்தோடு புல்லுக்கும் மண்ணுக்கும் நாயின் ரோமத்துக்கும் போய்ச் சேர்கின்றன. மேயும் ஆடு அவற்றை விழுங்குகிறது. குடலில் முட்டை பொரிந்து, ஆறு கொக்கிகள் கொண்ட கரு வெளிவந்து, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறுகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் போவது கல்லீரலுக்கு. அதனால் பெரும்பாலான கட்டிகள் அங்கேதான் உருவாகின்றன. கல்லீரலைத் தாண்டியவை நுரையீரலில் தங்குகின்றன. ஆடு அறுக்கும்போது கட்டி உள்ள ஈரலை நாய்க்கு வீசினால் வட்டம் முழுமையாகிறது.

இதை 1850-களின் தொடக்கத்தில் நிரூபித்தவர் ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் ஃபான் சீபோல்ட். ஆட்டின் கட்டியை நாய்களுக்கு ஊட்டி, அவற்றின் குடலில் முதிர்ந்த புழுக்களைக் கண்டார். மனிதன் இந்த வட்டத்தில் தவறி விழுந்தவன். நாயைத் தடவிய கை, கழுவாத கீரை என ஏதோ ஒரு வழியில் முட்டை வாய்க்குள் போகிறது. ஆட்டுக்கு நடப்பதே நமக்கும் நடக்கிறது.

இனி கட்டிக்குள் போவோம். எனக்கு இந்தப் புழுவிடம் வியப்பு தீராத இடம் இதுதான்.

கட்டிக்கு மூன்று சுவர்கள். வெளியே இருப்பது நம் உடல் தற்காப்புக்காகக் கட்டிய நார்ச்சுவர். அதற்குள் புழுவே சுரந்த, உயிரணு எதுவும் இல்லாத வெள்ளை உறை. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக இருக்கும். அதற்கும் உள்ளே, காகிதத்தைவிட மெல்லிய முளைப்படலம். உயிர் இருப்பது இந்தப் படலத்தில்தான். அதிலிருந்து சின்னச் சின்னப் பைகள் அரும்புகின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் பல புழுத்தலைகள். ஒரு புழுத்தலை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கொக்கிகளையும் உறிஞ்சிகளையும் உள்ளே மடித்துக்கொண்டு, கதவடைத்து உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். பைகள் உடைய, இவை அடியில் மணலாகப் படிகின்றன. மருத்துவர்களே இதை ‘ஹைடாடிட் மணல்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த மணலில் ஒரு மில்லிலிட்டருக்கு 4 லட்சம் தலைகள் வரை இருக்கலாம்.

ஒவ்வொரு தலைக்கும் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. நாயின் குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள செரிமானச் சாறும் பித்தமும் பட்டதும் மடித்த தலையை வெளியே நீட்டி, குடலில் பற்றிக்கொண்டு ஆறேழு வாரத்தில் முட்டையிடும் புழுவாகிவிடும். நாயின் குடலுக்குப் பதிலாக நம் வயிற்றறைக்குள் சிந்தினால் சாகாது. நீர் கோத்து உப்பி, தன்னைச் சுற்றித் தானே வெள்ளை உறை சுரந்து, முழுக்கட்டியாக மாறிவிடும். புழுவாகத் தொடங்கியது, இடம் தப்பியதும் மறுபடி கட்டியாகப் பின்வாங்குகிறது! விதை முளைக்க மண் கிடைக்காவிட்டால் காயாகிக் காத்திருக்குமானால் எப்படியோ, அப்படி.

இப்போது அந்த உறவினரின் கட்டிக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்றால் கொள்ளளவு அரை லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே அழுத்தமும் அதிகம். முன்னேற்பாடின்றிக் குத்தினால் ஊசியைச் சுற்றி நீர் பீச்சும். அதோடு சிந்தும் தலைகள் ஒவ்வொன்றும் ஒரு புதுக் கட்டியாகலாம். அவை மெதுவாகத்தான் வளரும். அறுவை நன்றாக நடந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, சில ஆண்டுகள் கழித்து வயிறெங்கும் கட்டிகளோடு நோயாளி திரும்பி வருவார்.

இன்னோர் ஆபத்து அதே நிமிடத்தில் வருவது. கட்டி நீரில் புழுவின் புரதங்கள் கரைந்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கசிந்தவற்றுக்கு எதிராக உடல் ஏற்கெனவே ஒவ்வாமை எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கும். மொத்தமாக நீர் கொட்டினால் அனாஃபிலாக்ஸிஸ் என்ற கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். மயக்கத்தில் இருப்பவர் அரிப்பு என்று சொல்ல முடியாது. தோல் தடிப்பையும் துணி மூடியிருக்கும். ரத்த அழுத்தம் சட்டென்று சரிவதும் மூச்சுக்குழாய் இறுகுவதும்தான் அடையாளம். அதனால் மயக்க மருத்துவர் அட்ரினலினைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே தொடங்குவார்.

கொடுத்த மாத்திரை ஆல்பெண்டசோல். அறுவைக்கு முன்பே தொடங்கி, பிறகும் குறைந்தது ஒரு மாதம் கொடுப்பார்கள். முன்பே கொடுத்தால் தலைகளில் பல செத்துவிடும், உள்ளழுத்தமும் தணியும். வயிற்றைத் திறந்ததும் கட்டியைத் தொடுவதற்கு முன், 20 சதவீத உப்பு நீரில் நனைத்த துணிகளால் சுற்றிலும் அணை கட்டுவார்கள். நம் ரத்தத்தின் உப்பு 1 சதவீதம்கூட இல்லை. இத்தனை உப்பில் விழும் தலை, ஊறுகாய்ப் பிஞ்சு போல நீரிழந்து சாகும். சிலர் கறுப்புத் துணி வைப்பார்கள், வெள்ளை மணல் சிந்தினால் கண்ணில் படட்டும் என்று. பிறகு உறிஞ்சுகுழாய் தயாராக இருக்க, ஊசி இறக்கி நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

வந்த நீரின் நிறத்தைப் பார்ப்பது இங்கே மிக முக்கியம். ஊற்று நீர் போலத் தெளிவாக இருந்தால், உப்பு நீரைக் கட்டிக்குள் செலுத்திச் சுமார் 15 நிமிடம் காத்திருக்கலாம். மஞ்சளாக இருந்தால் கட்டிக்கும் பித்தக்குழாய்க்கும் இடையே வழி இருக்கிறது என்று பொருள். அப்போது தலைகளைக் கொல்லும் எந்த மருந்தையும் உள்ளே விடக்கூடாது. அது பித்தக்குழாய்க்குள் போய் எரித்து, தழும்பாக்கிச் சுருக்கிவிடும். ஒரு காலத்தில் ஃபார்மலின் விட்டு இப்படிக் கெடுத்த அனுபவத்தில் வந்த பாடம் இது. எல்லாம் சரியாக இருந்தால், கடைசியில் கட்டியைத் திறந்து வெள்ளை உறையை எடுப்பார்கள். நார்ச்சுவரோடு ஒட்டாததால் முழுதாக உருவிக்கொண்டு வரும்.

வாசகர் சொன்ன ஊசி வழியும் உண்டு. ஸ்கேனில் பார்த்தபடி கல்லீரலின் ஊடாக ஊசி செலுத்தி, உறிஞ்சி, மருந்து விட்டு, மீண்டும் உறிஞ்சுவது. ஆனால் ஆல்பெண்டசோல் பாதுகாப்போடு, அவசர ஏற்பாடுகளுக்கு நடுவே, ஒற்றை அறையாக இருக்கும் கட்டிக்கு மட்டும். உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்ததற்கும், பித்தக்குழாயோடு தொடர்புள்ளதற்கும், நுரையீரல் கட்டிக்கும் ஆகாது.

என் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்குப் புழு முட்டையிடும் முன்பே, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டல் கொடுத்தால் வட்டம் அறுந்துவிடும். ஆட்டுக்கு EG95 என்ற தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் நாயும் வாடுவதில்லை, ஆடும் வாடுவதில்லை. வளர்ப்பவர் ஏன் செலவழிப்பார்? கண்ணுக்குத் தெரியாத இந்த நோய்க்கு அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து நாய்களில் கால்பங்குக்கு மேல் இந்தப் புழு இருப்பதை டென்மார்க்கின் ஹரால்ட் கிராபே கண்டறிந்தார். அதை வீடு வீடாகத் துண்டுநூலாகக் கொண்டு சேர்த்து, சட்டமும் இயற்றி, அந்த நாடு நோயை ஒழித்தே விட்டது. அப்போது மேலே சொன்ன மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

வாசகரின் உறவினர் ஸ்கேன் அறிக்கையில் கட்டி எந்த நிலை என்று பார்க்கச் சொல்லுங்கள். CE1 முதல் CE5 வரை எழுதியிருக்கும். CE4, CE5 என்றால் பெரும்பாலும் அடங்கிப்போன கட்டி. தொந்தரவு இல்லாத வரை அதைத் தொடவே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துவந்தால் போதும்.