குழந்தையின் நாக்கில் வெள்ளை: பாலா, பூஞ்சையா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "என் மகளுக்கு ஆறு வாரம் ஆகிறது. பிறந்ததிலிருந்தே நாக்கு வெள்ளையாக இருக்கிறது. இது அக்கரம் என்கிற வாய்நோய், வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவு என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவோ, உன் பால் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பா பாலுக்கு மாறு என்கிறார். எதைக் கேட்பது?"

இரண்டையும் கேட்க வேண்டாம். முதலில் அந்த வெள்ளை என்னவென்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பால்தான். சில சமயம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற பூஞ்சை. இதை ஆங்கில மருத்துவர்கள் திரஷ் என்பார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் ஈரத்துணியும் போதும்.

பால் ஏன் படிகிறது? நாக்கின் மேற்பரப்பு வழவழப்பானதல்ல. நூல் நுனி போன்ற நுண்ணிய மொட்டுகள் அதில் நெருக்கமாக நிற்கின்றன. பாலின் கொழுப்பும் புரதமும் அந்த இடுக்குகளில் தங்கிவிடுகின்றன. பெரியவர்களுக்கு உமிழ்நீர் ஓயாமல் ஊறி வாயைக் கழுவிவிடும். திட உணவும் நாக்கைத் தேய்த்துவிடும். ஆறு வாரக் குழந்தைக்கு உமிழ்நீர் குறைவு, திட உணவோ இல்லவே இல்லை. உமிழ்நீர் தாராளமாகச் சுரந்து வாயோரம் வழிவதெல்லாம் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல்தான். அதோடு, சும்மா இருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் படிந்து உரசுவதாலும் பால் கொஞ்சம் துடைபடும். நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருந்து நாக்கு மேலே எழாத குழந்தைகளுக்கு, பின்நாக்கில் வெள்ளை கூடுதல் நாள் நிற்பது அதனால்தான்.

ஆகவே பால் படிவு நாக்கில் மட்டும் இருக்கும். பால் குடித்த உடனே தூக்கலாகத் தெரியும், அடுத்த வேளைக்குள் மங்கும். பால் குடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தில் எந்தக் குழந்தையின் நாக்கும் வெள்ளைதான்.

சோதனையை அடுத்த வேளை பாலுக்குச் சற்று முன்பு, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான மல்துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி நாக்கில் ஒரே ஒரு தடவை மெதுவாக இழுங்கள். வெள்ளை துணியோடு வந்து, கீழே இளஞ்சிவப்பு நாக்கு தெரிந்தால் பால். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அழுத்தித் தேய்க்கக் கூடாது. அப்புறம் கீழுதட்டை மெல்ல மடக்கி உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு கன்னங்களின் உள்பக்கம், ஈறு, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். பால் அங்கெல்லாம் தங்காது. அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த வெண்திட்டுகள் இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். மேலண்ணத்தின் நடுக்கோட்டில் மட்டும் கடுகளவு வெள்ளை மணிகள் உருண்டையாக இருந்தால் அவை பிறவியிலேயே வருபவை. சில வாரங்களில் தானாக மறையும், தொட வேண்டியதில்லை.

துடைத்தால் பூஞ்சை ஏன் வருவதில்லை? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேண்டிடா நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் வாழ்கிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்தோ, பிறகு தூக்குகிறவர்களின் கையிலிருந்தோ குழந்தைக்கு வந்து சேர்கிறது. அப்போது அது உருண்டையான ஒற்றைச் செல். மொட்டு விட்டுப் பெருகும், அவ்வளவுதான். ஆனால் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. 37 டிகிரி வெப்பமும் ஏற்ற சூழலும் கிடைத்தால், உருண்டைச் செல்லின் பக்கவாட்டில் ஒரு குழாய் முளைத்து இழையாக நீளும். இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரு துளி இரத்த நீரில் இந்தப் பூஞ்சையைக் கலந்து 37 டிகிரியில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் நுண்ணோக்கியின் கீழ் பல உருண்டைகளிலிருந்து நேரான குழாய் நீண்டிருக்கும். கேண்டிடா அல்பிகன்ஸை அடையாளம் காண நெடுங்காலமாகச் செய்துவரும் சோதனையே இதுதான்.

இந்த இழையின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அது பார்வைக்கு நம் தோல் செல்லின் புரதத்தை ஒத்திருக்கும். நம் செல்கள் தம் சொந்தப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்க ஒரு நொதியை வைத்திருக்கின்றன. அந்த நொதி ஏமாந்து, பூஞ்சையின் புரதத்தையும் நம் செல்லோடு சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. பூஞ்சையை ஒட்டவைக்கும் பசை நம்முடையதே! ஒட்டிய இழை அப்புறம் செல்லுக்குள்ளும் செல்களுக்கு இடையிலும் புகுந்து வளர்கிறது. இப்போது துணியால் இழுத்தால், சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கும்போது காரையும் பெயர்ந்து வருவது போல, திட்டோடு மேல்தோலும் உரிந்து வரும். கீழே செக்கச் சிவந்து, சில சமயம் இரத்தம் கசியும். நாம் பார்க்கும் அந்த வெண்திட்டு பூஞ்சை மட்டுமல்ல. இழைகளும், செத்து உதிர்ந்த வாய்த்தோல் செல்களும், சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்களும் சேர்ந்த படலம் அது.

சண்டைக்கு யார் கூப்பிட்டார்கள்? இழை வளரும்போது 31 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு நச்சை வெளிவிடுகிறது. கேண்டிடாலைசின் என்று பெயர். அது நம் செல்லின் உறையில் துளையிடுகிறது. உருண்டை வடிவில் இருந்தவரை கண்டுகொள்ளாத வாய்ச் செல்கள், இந்தத் துளை விழுந்ததும்தான் அபாயக் குரல் எழுப்புகின்றன. அதாவது, பூஞ்சை இருப்பதற்காக உடல் கலவரப்படுவதில்லை, அது சேதம் செய்யத் தொடங்கியதும் கலவரப்படுகிறது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்தப் பதிலடி இன்னும் முழு வேகம் எடுத்திருக்காது. அதனால்தான் இந்த வயதில் திரஷ் இவ்வளவு சகஜம். வீட்டில் சுத்தம் இல்லை என்று இதற்காகத் தாயைக் குறை சொல்வது அநியாயம்.

இந்த நச்சைத் தரும் மரபணு 1993லேயே தெரியும். அது என்ன செய்கிறது என்பது 2016இல்தான் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் முதல் பட்டியலை வெளியிட்டதே 2022இல்தான். பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் பூஞ்சைக்கு வருவது சொற்பம். கோடிக்கணக்கான குழந்தைகளின் வாயில் இருக்கும் ஒன்றைப் பற்றி இவ்வளவு தாமதமாக அறிந்துகொண்டோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஈரோட்டு வாசகி பார்த்துவிட்டு எழுதினார். வெள்ளை நாக்கில் மட்டும்தான், துணியோடு வந்துவிட்டது. பால். எதுவும் செய்ய வேண்டாம், தினம் நாக்கை வழிக்கவும் வேண்டாம் என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினார். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டாராம். அது முடிந்த சில நாளில் குழந்தையின் கீழுதட்டின் உள்ளேயும் கன்னத்திலும் வெண்திட்டுகள். தொட்டால் வரவில்லை. பால் குடிக்கத் தொடங்கிவிட்டு வாயை எடுத்துக்கொண்டு அழுகிறது. அவருக்கும் காம்பில் எரிச்சலும் அரிப்பும்.

இது வேறு கதை. ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைத் தொடாது. பூஞ்சையோடு இடத்துக்குப் போட்டியிட்ட பாக்டீரியாக்களை மட்டும் கொன்றுவிடும். தாய் எடுத்துக்கொண்டாலும் குழந்தையின் வாயில் இது நடக்கலாம். குழந்தை மருத்துவரும் திரஷ் என்றே உறுதிசெய்தார்.

இதற்குப் பொதுவாகக் கொடுப்பது நிஸ்டாட்டின் சொட்டு அல்லது குளோட்ரிமசோல் திரவம். நிஸ்டாட்டின் பூஞ்சையின் உறையில் ஓட்டை போடும் மருந்து. குடலிலிருந்து அது இரத்தத்துக்குள் ஏறாது என்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பானது. ஆனால் அதே காரணத்தால், திட்டின் மேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். பாலுக்கு முன் கொடுத்தால் பால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பால் குடித்த பிறகு, மருத்துவர் சொன்ன அளவைப் பாதிப் பாதியாக இரண்டு கன்னத்திலும் விட்டு, திட்டுகளில் தடவ வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடர வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று வருகிறவர்களில் பலர் பாதியில் நிறுத்தியவர்களாகவோ, பாலுக்கு முன் கொடுத்தவர்களாகவோ இருப்பார்கள்.

தாய்ப்பாலை நிறுத்தத் தேவையே இல்லை. தாயின் காம்பிலும் அறிகுறி இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் காம்பு வலி எல்லாமே பூஞ்சை அல்ல. குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வாததுதான் வலிக்கு அடிக்கடி காரணம். குழந்தையின் வாய் சுத்தமாக இருந்து தாய்க்கு மட்டும் வலி என்றால், கவ்வும் விதத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாலாடை, ரப்பர் நிப்பிள், பால் பிழியும் பம்பின் பாகங்கள் எல்லாவற்றையும் தினமும் கொதிக்க வைக்க வேண்டும். பிழிந்த பாலை உறைய வைத்தாலும் அதிலுள்ள கேண்டிடா சாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அந்த வெங்காரமும் தேனும். வெங்காரத்துக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு, பாட்டிகள் கண்டது பொய்யல்ல. ஆனால் அது போராக்ஸ். குழந்தை விழுங்கினால் உடலில் சேரும். இங்கிலாந்திலும் சூப்பானில் தேனும் போராக்ஸும் தடவிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படிக் கொடுத்த ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கொடுப்பதை நிறுத்தியதும் வலிப்பு நின்றது. ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது, அதிலிருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைத் தளர்த்தும் நச்சை உண்டாக்கலாம். கடைகளில் கிளிசரினில் கலந்து விற்கும் போராக்ஸுக்கும் இதே எச்சரிக்கைதான்.

திரஷ் வந்த பல குழந்தைகள் வழக்கம்போலவே பால் குடிக்கும். குடிக்க மறுத்தாலோ, நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒழுங்காக மருந்து போட்டும் இரண்டு வாரத்தில் போகாவிட்டாலும், ஒரு வயதை நெருங்கிய பிறகும் திரும்பத் திரும்ப வந்தாலும், குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றலைச் சோதிக்க வேண்டியிருக்கலாம்.