ஆச்சி பேட்டியில் அந்தப் பதினொரு நிமிடம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வேளார் தெரு. பானை, சட்டி, பொங்கல் அடுப்பு என்று மூன்று தலைமுறையாக மண்ணைத் தொட்டவர்கள் இருக்கும் தெரு. அங்கே முப்பது பேரிடம் வீடியோ பேட்டி எடுத்து, ஊருக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் அமைத்துக் கொடுக்கும் வேலையை 2022ல் ஏற்றுக்கொண்டேன். குளத்து மண் எடுப்பது, சூளை வைப்பது, எவர்சில்வர் வந்த பிறகு பானை விலை படுத்தது என்று நல்ல நல்ல பேச்சுகள் கிடைத்தன. ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஓர் ஆச்சியின் பேட்டியில் வந்த பதினொரு நிமிடம்தான். அதில் நான் ஒரு தப்பும் செய்தேன்.

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. திண்ணையில் உட்கார வைத்து ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தோம். (கேமராவைப் பற்றி இங்கே பெரிதாகச் சொல்லப்போவதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், மைக்கைச் சட்டையிலோ சேலையிலோ குத்துங்கள், 25 பிரேமில் எடுங்கள். நம் ஊர் மின்சாரத்துக்கு 30 பிரேம் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும்.) நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் சூளைக்குக் கடன் வாங்கிய கதை வந்தது. அதிலிருந்து வீட்டை எழுதிக் கொடுத்த கதை, அதிலிருந்து கொழுந்தனார் குடும்பம் தென்பாதியை வைத்துக்கொண்ட கதை. கொழுந்தனார் மகன் இன்றைக்கும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் மறுபடி பானைக்கு வந்துவிட்டார் ஆச்சி.

ஒப்புதல் தாளில் அவர் பேட்டிக்கு முன்பே கைநாட்டு வைத்திருந்தார். பல பேர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாத நேரத்தில் வைத்த கைநாட்டு அது. பேசிய பிறகு மனிதருக்கு வேறு யோசனை வரும். அதனால் நாங்கள் ஒப்புதலை இரண்டு தடவை வாங்குகிறோம். முதல் தடவை, படம் எடுக்க மட்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து, எடுத்ததை அவருக்கே போட்டுக் காட்டிவிட்டு இரண்டாம் தடவை. அப்போது ஒவ்வொன்றாகத் தனித்தனியே கேட்போம். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா? ஊர்க்காரர்கள் பார்க்கலாமா? வெளியூர் ஆராய்ச்சி மாணவர்கள் பார்க்கலாமா? இணையத்தில் போடலாமா? பெயர் சொல்லலாமா? ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். ஒரே வரியில் 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' என்று எழுதி வைத்திருக்கும் தாளை நான் இப்போது தொடுவதே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கேள்வியையும் பதிலையும் வீடியோவிலேயே பதிவு செய்கிறோம்.

ஆச்சிக்குப் போட்டுக் காட்டிய அன்றைக்கு அவருடைய மகனும் கூட இருந்தார். "எல்லாத்தையும் போட்டுக்கோங்க சார், ஊரு பாக்கட்டும்" என்றார். பேட்டி கொடுத்தது அவர் இல்லை. இதைத் தன்மையாகச் சொல்லி அவரை டீ வாங்கி வர அனுப்புவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். அவர் போன பிறகு ஆச்சி சொன்னார்: "யய்யா, அந்த வீட்டுப் பேச்ச மட்டும் இப்ப யாருக்கும் காட்டாண்டாம். நான் கண்ண மூடுனதுக்குப் பொறவு என்னமும் செஞ்சுக்கோ."

'கண்ணை மூடின பிறகு' என்பதை அப்படியே எழுதி வைத்தால் சிக்கல். அவர் இறந்த செய்தியைக் காப்பகத்துக்கு யார் சொல்வார்கள்? சொன்ன மறுநாளே திறந்துவிட்டால், அடுத்த வீட்டில் உயிரோடிருக்கும் கொழுந்தனார் மகனின் கதி என்ன? கதையில் வரும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே. ஆகவே மூடும் காலத்தை ஒரு தேதியாக மாற்றச் சொன்னேன். பேசிப் பேசி 2050 ஜனவரி 1 என்று முடிவானது. தேதி என்றால் எதிர்காலத்தில் எங்களைத் தெரியாத ஒருவர் பெட்டியைத் திறந்தாலும் புரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடி வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போது நம்மால் எதுவரை முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியின் பெல்பாஸ்ட் திட்டத்தில், 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் 'நீங்கள் இறக்கும்வரை வெளியிட மாட்டோம்' என்று சொல்லிப் பேட்டி எடுத்தார்கள். 2011ல் நீதிமன்ற ஆணை வந்தது. பழைய குற்ற விசாரணைக்காக ஒலிப்பதிவுகளில் சிலவற்றை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு முன்னால் அந்த வாக்கு நிற்கவில்லை. அதனால் நாங்கள் கேமராவை ஓடவிடும் முன்பே சொல்லிவிடுகிறோம்: கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டி வரும், குற்ற வழக்கு சம்பந்தமான பேச்சு இருந்தால் யோசித்துப் பேசுங்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது. ஆனால் ஒருமுறை இணையத்தில் ஏறி யாரோ இறக்கிவைத்துக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியாது. இதையும் மறைக்காமல் சொல்கிறோம். இதைக் கேட்டபின் இணையம் வேண்டாம் என்றவர்கள் பாதிப் பேருக்கு மேல்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். வீடியோவில் அந்தப் பதினொரு நிமிடத்தை மூடினேன். பார்வைக்கான பிரதியில் அந்த இடத்தை வெட்டி ஒட்டவில்லை. அதே பதினொரு நிமிடத்துக்குக் கறுப்புத் திரையும் மௌனமும் வைத்தேன். வெட்டினால் அதற்குப் பின் வரும் நேரக் குறிப்பெல்லாம் மூலத்தோடு பொருந்தாமல் போய்விடும். இதுவரை நன்றாகத்தான் செய்தேன். ஆனால் நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு வரியாகப் பேச்சின் சுருக்கத்தை எழுதும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் '41:10 – கொழுந்தனார் குடும்பம் வீட்டின் தென்பாதியை எடுத்துக்கொண்டது' என்று என் கையாலேயே தட்டச்சு செய்திருந்தேன். அந்த அட்டவணை ஊர் நூலகக் கணினியில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. படத்தைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. நல்ல வேளையாக, ஆச்சியின் பேத்தி அதை முதலில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

அதற்கு அப்புறம் அட்டவணையை இரண்டாக்கினேன். உள் அட்டவணையில் எல்லாம் இருக்கும். வெளி அட்டவணையில் அந்த இடத்தில் '41:10 முதல் 52:05 வரை மூடப்பட்டுள்ளது' என்பதோடு சரி. என்ன விஷயம் என்று ஒரு சொல் கூடக் கிடையாது. 'குடும்பச் சொத்து' என்று போட்டாலே தெருவில் உள்ளவர்கள் மீதியைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பேட்டி எத்தனை உருவத்தில் இருக்கிறதோ அத்தனையிலும் மூட வேண்டும். படம், பேச்சின் எழுத்து வடிவம், சுருக்கம், தேடுசொல், உதவிக்கு வந்த பையனின் லேப்டாப்பில் கிடக்கும் பிரதி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு. நான் இப்போது ஒவ்வொரு பேட்டிக்கும் இந்த உருவங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். கணினியில் கோப்பின் பெயரும் ஒப்புதல் தாளின் எண்ணும் ஒன்றேதான். ஆச்சியின் பேட்டி `VLR-2022-014` என்றால் தாளும் அதே எண்.

அட்டவணையில் தமிழுக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. 'பொன்னம்மாள்' என்று தேடினால் சில பேட்டிகள் வந்தன, சில வரவில்லை. கண்ணுக்கு எழுத்து ஒன்றுபோலவே இருந்தது. விஷயம் என்னவென்றால், 'ொ' என்ற குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் தட்டியிருந்தார்கள். சாதாரணத் தேடலுக்கு இவை வேறு வேறு சொற்கள். அட்டவணை முழுவதையும் ஒரே வடிவத்துக்கு (`NFC`) மாற்றிய பிறகுதான் எல்லாம் கிடைத்தது. ஆட்களின் பெயரோடு தெரு அழைக்கும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ரேஷன் கார்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் பல பேருக்கு ஆளே அடையாளம் தெரியாது.

சேமிப்பைப் பற்றி. நொடிக்கு 50 மெகாபிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி ஆகும். எங்கள் முப்பது பேட்டியும் சேர்ந்து நாற்பத்தைந்து மணி நேரம், அதாவது ஏறத்தாழ 1 டிபி. இது ஒன்றும் பெரிய அளவு இல்லை. மூன்று ஹார்ட் டிஸ்க் போதும். எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. நான் ஒன்றைத் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் என் வீட்டிலும், இன்னொன்றை வண்ணார்பேட்டையில் நண்பர் வீட்டிலும் வைத்திருந்தேன். இரண்டு இடம், இரண்டு பிரதி, நிம்மதி என்று நினைப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கமாக மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் ஏறி வந்தது. என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டிஸ்க் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. நண்பர் மாடியில் வைத்திருந்ததால் மற்றது பிழைத்தது. இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இப்போது மூன்றாவது பிரதி மதுரையில், வேறோர் ஆற்றுப் படுகையில் இருக்கிறது.

டிஸ்க் நனையாமலே கூடக் கெடும், சத்தமில்லாமல் கெடும். அதற்குப் படம் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை மாதிரி எண்ணை எடுத்து வைக்கிறோம். லினக்ஸில்:

```
sha256sum *.MP4 > sums.txt
sha256sum -c sums.txt
```

முதல் வரி எண்ணை எழுதி வைக்கும், இரண்டாவது சரிபார்க்கும். கோப்பு மாறாமல் இருந்தால் `OK`, ஒரு பிட் மாறியிருந்தாலும் `FAILED`. ஆடியிலும் தையிலும் மூன்று டிஸ்க்கையும் எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றில் `FAILED` வந்தால் மற்ற இரண்டில் நல்லதைப் பார்த்துப் பிரதி எடுத்து மாற்றுகிறேன். ஐந்து வருடம் ஆன டிஸ்க்கை, ஓடிக்கொண்டிருந்தாலும், நம்புவதில்லை.

ஆச்சிக்குக் கொடுத்த பிரதி இந்த மூன்றில் சேராது. அது அவர் டிவியில் பார்க்க. முதலில் கொடுத்த பென்டிரைவ் ஓடவில்லை. பழைய டிவிகளில் பல `exFAT` வடிவத்தைப் படிப்பதில்லை. `FAT32` என்று மாற்றினால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. 720 அளவில், நொடிக்கு 2 மெகாபிட்டாகக் குறைத்ததும் ஒரு மணி நாற்பது நிமிடமும் 1.5 ஜிபியில் அடங்கிவிட்டது. பதினொரு நிமிடம் கறுப்பாக இருக்கும் பிரதியைத்தான் அவரே கேட்டு வாங்கினார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து பார்ப்பார்களாம்.

இனி யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது நான் இல்லை. தெருவில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். கல்லூரி மாணவர்கள் கேட்டு வந்தால் அந்த ஐந்து பேரும் உட்கார்ந்து ஒப்புதல் தாளை எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். மூன்று டிஸ்க் பெட்டிக்குள்ளும் மூடிய பகுதிகளின் பட்டியல் ஒரு தாளில் அச்சடித்து வைத்திருக்கிறது. மொத்தம் ஏழு பேட்டி, ஏழு தேதி. ஆச்சியுடையதுதான் கடைசி.